சூழல் இடப்பக்கம், சூத்திரம் வலப்பக்கம்

(காரமடையில் மாணவர்கள் முன்னிலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இயற்பியல் வாத்தியார் பேச வருகிறார் என்றதும் கருந்துளை, விண்வெளி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று ஒரே ஒரு ஏ4 தாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பாடத்தின் சூத்திரங்களையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் தாள். உங்களில் பாதிப் பேர் பைக்குள் இப்போதே அப்படி ஒன்று மடித்துக் கிடக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, என்ன எழுதாமல் விட்டுப்போயிற்று என்பதைப் பற்றித்தான் என் பேச்சு.

சூத்திரம் சரி, இடம் தப்பு

எங்கள் தெருவில் ஒரு பெண். கோயம்புத்தூரில் பொறியியல் முதலாமாண்டு. போன பருவத்தில் ஒருநாள் தன் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். இயக்கவியல் பாடத்துக்கு வகுப்பில் போட்ட ஸ்லைடுகள் மொத்தம் 42. அவற்றில் பெட்டி கட்டிப் போட்டிருந்த 19 சூத்திரங்களை மூன்று நிறப் பேனாவில் அழகாக எழுதி வைத்திருந்தாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

"தாளைக் கையிலேயே வெச்சுக்க கண்ணு, ஒரே ஒரு கணக்கு தர்றேன்" என்றேன். வழவழப்பான மேசை. சுவரோடு பொருத்திய ஒரு சுருள்வில். அதன் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். அரைக் கிலோ கட்டை ஒன்றை அதில் வைத்து 10 சென்டிமீட்டர் அமுக்கி விடுகிறோம். வில்லை விட்டுக் கட்டை பிரியும்போது வேகம் என்ன?

அவள் தாளைப் பார்த்தாள். விசை kx, அதாவது 20 நியூட்டன். அதை நிறையால் வகுத்தால் முடுக்கம் 40. பக்கத்திலேயே v² = u² + 2as இருந்தது. போட்டாள். v² = 8, வேகம் நொடிக்கு 2.83 மீட்டர். "சூத்திரம் சரிதானுங்களே சார்?" என்று கேட்டாள். சூத்திரம் சரிதான். விடைதான் தப்பு.

சரியான விடை நொடிக்கு 2 மீட்டர். இதைக் கண்டுபிடிக்க என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. அமுக்கிய வில்லில் சேர்ந்திருந்த ஆற்றல் ½kx², அதாவது ஒரு ஜூல். அவள் சொன்ன வேகத்தில் போகும் கட்டையின் இயக்க ஆற்றல் ½mv², அது இரண்டு ஜூல். ஒரு ஜூலைப் போட்டு இரண்டு ஜூலை எடுக்கிற வில் உலகத்தில் எங்கேயும் இல்லை. அவள் எடுத்த 40 என்ற முடுக்கம், விட்ட அந்தக் கணத்தில் மட்டும் உண்மை. வில் விரிய விரிய விசை குறைந்து, பிரியும் இடத்தில் பூஜ்யமாகிவிடுகிறது. அந்தச் சூத்திரமோ முடுக்கம் வழிநெடுக ஒரே அளவில் இருந்தால் மட்டுமே செல்லும்.

அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் படித்த காலத்தில் இதே தப்பைப் பரீட்சையிலேயே செய்தவன். விடைத்தாளைத் திருத்தியவர் 'மாறாத a?' என்று ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார். அந்த இரண்டு சொல்தான் இன்றைய பேச்சின் விதை.

நிபந்தனை எங்கே தொலைந்தது?

அந்தப் பெண்ணின் ஸ்லைடுகளை நானும் அவளும் உட்கார்ந்து புரட்டினோம். v² = u² + 2as பெட்டிக்குள் இருந்தது 11ஆம் ஸ்லைடில். 'முடுக்கம் மாறாதது எனக் கொள்வோம்' என்ற வரி 8ஆம் ஸ்லைடில், பெட்டியில்லாமல், சின்ன எழுத்தில் கிடந்தது. அவள் பெட்டிகளை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதியதால் அந்த வரி கூடவே வரவில்லை. புத்தகமாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் கண்ணில் பட்டிருக்கும். ஸ்லைடு என்பது பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தருவது. நிபந்தனை ஒரு துண்டிலும் முடிவு இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது.

ஆகவே தாள் தயாரிக்கிறவர்கள் ஸ்லைடை முன்னாலிருந்து பின்னால் படிக்க வேண்டாம். பெட்டி கட்டிய சூத்திரத்தில் விரலை வைத்துப் பின்னோக்கி நகருங்கள். 'கொள்வோம்', 'புறக்கணிப்போம்', 'மாறாத', 'சிறிய', 'வழவழப்பான' என்று ஏதாவது ஒரு சொல் தட்டுப்படும் வரை போங்கள். அந்தச் சொல்தான் சூத்திரத்தின் எல்லைக்கல். அதைக் கண்டுபிடிக்காமல் சூத்திரத்தைத் தாளில் ஏற்றக் கூடாது. ஸ்லைடில் எங்கேயும் அப்படி ஒரு சொல் இல்லையென்றால் ஆசிரியர் அதை வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார். மறுநாள் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிப் பின்னோக்கிப் போனதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. 19 சூத்திரங்களில் பல ஒரே எல்லைக்கல்லில் போய் முட்டின. v = u + at, s = ut + ½at², v² = u² + 2as மூன்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான். அப்படியானால் மூன்றும் தாளில் ஒரே வரிசை. மேலே எறிந்த கல் எட்டும் உயரம், அது திரும்பி வர ஆகும் நேரம் என்று தனித்தனியாகப் பெட்டி கட்டியிருந்தவையெல்லாம் அந்த மூன்றின் பிள்ளைகள். அவற்றை எழுதவே வேண்டாம். கடைசியில் 19 சூத்திரம் ஐந்து வரிசைக்குள் அடங்கிவிட்டது. ஒரு பக்கத்தில் இடம் போதவில்லை என்று எழுத்தைச் சிறுத்துப் பயனில்லை. இடம் போதவில்லையென்றால் ஒரே நிபந்தனைக்காரர்களை நீங்கள் இன்னும் ஒன்று சேர்க்கவில்லை என்று பொருள்.

'சிறிய' என்றால் எவ்வளவு?

நிபந்தனையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை எண்ணால் எழுத வேண்டும். தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். T = 2π√(l/g). ஸ்லைடில் இதற்கு முன்னால் 'கோணம் சிறியதாக இருக்கும்போது' என்று ஒரு வரி இருக்கும். மாணவர்களும் 'சிறிய கோணம்' என்று எழுதிக்கொள்வார்கள். சிறியது என்றால் எவ்வளவு? ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடுகிற பிள்ளைக்கு எதுவுமே பெரிய கோணம் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு இந்தச் சூத்திரம் தரும் அலைவு நேரம் சுமார் இரண்டு நொடி. ஆய்வகத்தில் 20 அலைவுகளை எண்ணினால் 40 நொடி. ஊசலை 20 பாகை இழுத்து விட்டால் உண்மையான நேரம் சூத்திரத்தைவிட முக்கால் சதவீதம் கூடும். 40 நொடியில் அது 0.3 நொடி. ஸ்டாப்வாட்ச்சை அமுக்குகிற கட்டைவிரலின் தாமதமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆகவே 20 பாகை வரை உங்கள் கைக்கு வித்தியாசம் தெரியாது. 30 பாகையில் பிழை 1.7 சதவீதம், ஸ்டாப்வாட்ச்சிலேயே தெரிந்துவிடும். 60 பாகைக்கு இழுத்தால் 7 சதவீதத்துக்கும் மேல். அங்கே சூத்திரத்தை நம்பி g கணக்கிட்டால் 9.8 வராது, 8.5 பக்கம் வரும்.

ஆகவே தாளில் 'சிறிய கோணம்' என்று எழுதாதீர்கள். '20 பாகை வரை, பிழை 1 சதவீதத்துக்குள்' என்று எழுதுங்கள். இந்த எண் ஊசலுக்குள் எழுதி வைத்திருப்பதல்ல. நீங்கள் எந்த அளவு துல்லியத்தில் அளக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவி கையில் இருந்தால் 20 பாகை என்பதை 7 பாகையாகக் குறைக்க வேண்டும்.

N யாருடைய N?

மூன்றாவது வகை நிபந்தனை இன்னும் தந்திரமானது. அது முந்தைய ஸ்லைடிலும் இருக்காது. சூத்திரத்தின் எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். உராய்வுக்கு f = μN என்று எல்லோரும் எழுதுகிறோம். μ உராய்வுக் குணகம், N செங்குத்து எதிர்விசை. இங்கே 'N யாருடைய N?' என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வாசலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

காரமடை ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற வண்டி மேட்டுப்பாளையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து மலை ரயில். குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறந்தது. ஊட்டி வரை 1908இல் நீண்டது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த சட்டம் வந்து சேரும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். அந்தப் பகுதியில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12க்கு 1. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறுகிறது.

இப்போது தாளை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் கணக்குப் போடுகிறார். சரிவில் வழுக்காமல் நிற்க வேண்டிய நிபந்தனை, tanθ என்பது μ-வைவிடக் குறைவாக இருக்க வேண்டும். tanθ பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.083. மழையில் நனைந்த இரும்புக்கு இரும்பு μ 0.1 என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் அது பெரிதுதான். 'பல்சட்டமே தேவையில்லையே, வெள்ளைக்காரன் வீணாகச் செலவழித்துவிட்டான்' என்று முடித்துவிடலாம்.

எங்கே பிசகியது? கணக்குக்காக எஞ்சின் 50 டன், பெட்டிகள் 50 டன் என்று வைத்துக்கொள்வோம். சரிவில் கீழே இழுப்பது முழு வண்டியின் எடை. நூறு டன்னில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 8.3 டன் விசை. ஏற்றிவிடுகிற பிடிப்போ எஞ்சின் தன் ஆற்றலால் சுழற்றுகிற சக்கரங்களுக்குக் கீழே மட்டும் இருக்கிறது. பெட்டிகளின் சக்கரங்கள் சும்மா உருளுகின்றன. தள்ளுவதில் அவற்றுக்குப் பங்கில்லை. ஆகவே N என்பது எஞ்சினின் 50 டன் மட்டுமே. அந்த 50 டன்னும் முழுக்க ஓட்டும் சக்கரங்களின் மேல் விழுகிறது என்றே வைத்தாலும், நனைந்த தண்டவாளத்தில் பிடிப்பு 5 டன்தான். 8.3 டன்னுக்கு 5 டன் எப்படி ஈடாகும்? சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். பல்சட்டம் வீண் செலவு இல்லை.

அந்த மாணவர் போட்ட tanθ கணக்கு தனித்த ஒரு கட்டைக்கு உரியது. அங்கே இழுக்கிற எடையும் அமுக்குகிற எடையும் ஒன்றே. வண்டியில் இரண்டும் வேறுவேறு. குன்னூர் தாண்டி ஊட்டி வரை பல்சட்டம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். அங்கே ஏற்றம் ஏறக்குறைய பாதிதான். அதே நூறு டன்னுக்கு 24க்கு 1 என்று வைத்தால் கீழே இழுப்பது 4.2 டன், 5 டன் பிடிப்பு தாங்கிவிடும். சூத்திரம் செல்லும் இடமும் செல்லாத இடமும் ஒரே பாதையில் குன்னூரில் சந்திக்கின்றன.

இந்தச் சூத்திரத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சமக்குறி. நின்றுகொண்டிருக்கும் பொருளின் மேல் உராய்வு μN அல்ல. வழுக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அதன் உச்சவரம்பு மட்டுமே μN. தரையில் கிடக்கும் கல்லை யாரும் தள்ளாதபோது உராய்வு பூஜ்யம். அங்கேயும் μN என்று போட்டால் கல் தானாக நகர வேண்டி வரும்.

தாளின் அமைப்பு

இப்போது தாளை எழுதுவோம். கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியார் தொகுத்த டிசைன் டேட்டா புத்தகம் இங்கே பொறியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். இயந்திர வடிவமைப்புப் பரீட்சைக்கு அதைக் கையோடு கொண்டுபோகலாம். சூத்திரமெல்லாம் கண்ணெதிரே இருந்தும் அந்தப் பரீட்சையில் தோற்பவர்கள் தோற்கிறார்கள். சூத்திரம் தெரியாததால் அல்ல, எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று தெரியாததால். கேள்வித்தாள் நமக்குச் சூழலைத்தான் தருகிறது. 'ஒரு வில் அமுக்கப்படுகிறது' என்கிறது. எந்தச் சூத்திரம் என்று அது சொல்வதில்லை. நாம் தேடுவது சூழலை வைத்துத்தான். எனவே தாளின் இடப்பக்கம் சூழல் இருக்க வேண்டும். சூத்திரம் அதற்கு அடுத்து. கடைசியில், முறிந்தால் எங்கே போவது என்பது.

அந்தப் பெண் கடைசியாக எழுதிய தாள் இது.

1. விசை வழிநெடுக மாறவில்லை, பாதை நேர்கோடு: v = u + at, s = ut + ½at², v² = u² + 2as. முறியும் இடம்: சுருள்வில், காற்றில் நெடுந்தூர வீழ்ச்சி. வில் என்றால் வரிசை 3க்குப் போ.

2. இரண்டு பரப்பு தொடுகின்றன: வழுக்கினால் f = μN; நின்றால் f ≤ μN, தேவையான அளவு மட்டும். N என்பது பிடிக்கிற பரப்பின் மேல் விழுவது மட்டும்.

3. விசை இடத்துக்கு இடம் மாறினாலும் சரி, உராய்வு இல்லை, நேரம் கேட்கவில்லை: ½mv² + mgh + ½kx² மாறாது. உராய்வு இருந்தால் அது தின்ற ஆற்றலைக் கழி.

4. மோதல், மோதும் கணம் மிகக் குறுகியது: m₁u₁ + m₂u₂ = m₁v₁ + m₂v₂. ஆற்றலும் மாறாது என்று எழுத, 'மீட்சி மோதல்' என்று கேள்வியில் இருக்க வேண்டும்.

5. ஊசல், 20 பாகை வரை, பிழை 1 சதவீதத்துக்குள்: T = 2π√(l/g).

முதல் வரிசையில் 'நெடுந்தூர வீழ்ச்சி' என்று ஏன் எழுதினோம் என்று கேட்கலாம். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு v² = 2gh போட்டுப் பாருங்கள். நொடிக்கு 140 மீட்டர், மணிக்கு 500 கிலோமீட்டர் வருகிறது. அப்படி ஒரு துளி விழுந்தால் ஓடு பொத்துக்கொண்டு போகும். பெரிய துளிகூட நொடிக்குச் சுமார் 9 மீட்டரில்தான் இறங்குகிறது; காற்று அதற்கு மேல் விடுவதில்லை. பதினைந்து மீட்டர் ஆழக் கிணற்றில் போட்ட கல்லுக்கு அதே சூத்திரம் குறையில்லாமல் வேலை செய்யும். விடை உலகத்தில் நடக்கக்கூடியதுதானா என்று பார்ப்பதே எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று அறிகிற வழி.

மடித்துப் பார்த்தல்

தாள் சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். சூத்திரங்கள் மறையும்படி வலப்பக்கத்தைப் பின்னால் மடியுங்கள். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்கத்தை மட்டும் பார்த்து வரிசை எண்ணை எழுதுங்கள். கணக்குப் போட வேண்டாம். ஒரு கேள்விக்கு எந்த வரிசையும் பொருந்தவில்லையென்றால் ஒரு ஸ்லைடை விட்டுவிட்டீர்கள். இரண்டு வரிசை பொருந்தினால் இரண்டிலும் விடையைக் கண்டு ஒப்பிடுங்கள். கிணற்றில் விழும் கல்லுக்கு வரிசை 1, 3 இரண்டும் ஒரே வேகத்தைத் தரும். அது நல்ல அடையாளம். விடைகள் வேறுபட்டால் ஏதோ ஒன்றின் நிபந்தனையில் இன்னும் ஒரு சொல் குறைகிறது.

தாளின் அடியில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக விடச் சொன்னேன். பின்னால் தட்டுப்படும் முறிவுகளை எழுதிக்கொள்வதற்கு. அடுத்த வாரம் அவள் தாளை வாங்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: 'மலை ரயில் இறங்கும்போது N யாருடையது?'

நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. அடுத்த முறை குன்னூரிலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒருவர் நிற்பாரே, அவர் கையில் என்ன பிடித்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வா என்றேன். பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொருவர் கையிலும் பிரேக். ஏறும்போது சும்மா உருண்ட பெட்டிச் சக்கரங்களெல்லாம் இறங்கும்போது பிடிக்கின்றன. இரண்டாம் வரிசையில் N-க்கு எதிரே, 'ஏற்றத்தில் எஞ்சின், இறக்கத்தில் பிரேக் போட்ட சக்கரம் எல்லாம்' என்று அவளே மாற்றி எழுதிக்கொண்டாள்.